10 எம்.பி. பாட்டுப்பெட்டி

ராத்தா பாவித்துவிட்டுத் தந்த கைத்தொலைபேசியின் நினைவகம் 1 ஜி.பி. மட்டுமே. பெரிய இசைச் செயலியில் பாட்டைப் போட்டுவிட்டு வாட்ஸ்அப்பைத் திறந்தால் பாட்டு நின்றுவிடும். நினைவகம் போதாமல், பின்னால் ஓடும் செயலியைத் தொலைபேசியே மூடிவிடுகிறது. அதனால் 2019இல் வெளிவந்த ஸ்பொட்டிஃபை லைட்டுக்கு மாறினேன். அதன் அளவு ஏறத்தாழ 10 எம்.பி. தான்.

இப்போது பாட்டு நிற்பதில்லை. டேட்டாவுக்கு நானே எல்லை வைக்கலாம். அதை எட்டியதும் செயலி அறிவிக்கும்.

இழந்தவையும் உண்டு. பாட்டைத் தொலைக்காட்சிக்கு மாற்றிக் கேட்க முடியாது. அது எனக்குப் பெரிதில்லை. பெரிய செயலியில் கட்டணம் செலுத்துவோர் பாடல்களை இறக்கி வைத்து, இணையமின்றிக் கேட்கலாம். நான் மாறியபோது லைட்டில் அந்த வசதி இல்லாததுதான் பெரிய இழப்பு.

கணக்குப் பார்த்தேன். வினாடிக்கு 96 கிலோபிட் தரத்தில் ஒரு மணித்தியாலம் கேட்டால் ஏறக்குறைய 43 எம்.பி. செலவாகும். வகுப்புக்குப் போக அரை மணி, வர அரை மணி பஸ் பயணம். மாதத்தில் 22 நாட்களுக்கு 950 எம்.பி. வருகிறது. தொலைபேசியில் மிச்சமான இடத்துக்கு, உம்மா போடும் ரீலோடில் விலை கொடுக்கிறோம்.

எல்லையை 500 எம்.பி. என வைத்திருக்கிறேன். போகும்போது மட்டும் பாட்டு.