உலாவலாம் என்பதும் உலாவுகிறது என்பதும்

பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள கடையில் சென்ற வாரம் ஒரு முட்டைப் பெட்டியைக் கையில் எடுத்தேன். புல்வெளியில் மேயும் இரண்டு கோழிகளின் படம். அதன்கீழே ‘ஃப்ரீ ரேஞ்ச்’ என்ற சொல். விலை சாதாரண முட்டையின் இருமடங்கு. இச்சொல்லைத் தமிழில் எவ்வாறு சொல்வது என்று எண்ணிப் பார்த்தேன். கோழி வெளியே ‘உலாவுகிறது’ என்பதா, ‘உலாவலாம்’ என்பதா? முன்னது நிகழ்வைச் சொல்கிறது. பின்னது வாய்ப்பை மட்டுமே சொல்கிறது. பெட்டியில் இருந்த படம் முன்னதைக் காட்டியது. இத்தகைய சொற்களுக்குச் சட்ட வரையறை உள்ள இடங்களிலோ, அவை உறுதியளிப்பது பின்னதை மட்டுமே.

வரையறைகள் தெளிவாக எழுதப்பட்டிருப்பது ஐரோப்பிய ஒன்றியத்தில். அங்கு முட்டை ஓட்டின் மீதே ஒரு குறியீடு அச்சிடப்படுகிறது. அதன் முதல் எண் வளர்ப்புமுறையைக் குறிக்கும்: 3 கூண்டு, 2 கொட்டகை, 1 ஃப்ரீ ரேஞ்ச், 0 இயற்கை வேளாண்மை. பழைய வெறுங்கூண்டுகள் 2012 முதல் அங்கே தடைசெய்யப்பட்டுவிட்டன. இன்றைய கூண்டில் ஒரு கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டர் இடம் வேண்டும். அது ஒரு ஏ4 தாளைவிடச் சற்றே பெரிது. கூண்டில்லாக் கொட்டகையில் ஒரு சதுர மீட்டருக்கு ஒன்பது கோழிகள் வரை வைக்கலாம். வகுத்துப் பார்த்தால் ஒரு கோழியின் பங்கு இரண்டு ஏ4 தாள்களுக்கும் குறைவு. ஆயினும் வேறுபாடு பரப்பளவில் மட்டும் இல்லை. கொட்டகைக் கோழி மற்றொரு மூலைக்கு நடக்கலாம், தரையிலுள்ள உமியைக் கிளறலாம், பறந்து உயரத்தில் அமரலாம். ‘கேஜ் ஃப்ரீ’ என்ற சொல்லின் பொருள் இவ்வளவே. திறந்தவெளி அதில் அடங்காது.

ஃப்ரீ ரேஞ்ச் என்பது இதே கொட்டகைதான். உள்ளே நெரிசலும் அதே ஒன்பதுதான். கூடுதலாக இருப்பவை சுவரில் சில திறப்புகளும், அவற்றுக்கு அப்பால் கோழிக்கு நான்கு சதுர மீட்டர் என்ற கணக்கில் நிலமும். திறப்பு ஒவ்வொன்றும் குறைந்தது 35 சென்டிமீட்டர் உயரமும் 40 சென்டிமீட்டர் அகலமும் இருக்க வேண்டும். ஆயிரம் கோழிகளுக்கு மொத்தம் இரண்டு மீட்டர் அகலம். சட்டம் அளப்பது திறப்பைத்தான். அதன் வழியே எத்தனை கோழிகள் வெளியேறின என்பதை அது எண்ணுவதில்லை. கோழியின் மூதாதை புதர்க்காட்டுப் பறவை. மரமோ நிழலோ இல்லாத வெட்டவெளியில் பருந்துக்கு அஞ்சிப் பல கோழிகள் கொட்டகையின் ஓரத்தைவிட்டு அகல்வதில்லை. மரம் நட்ட பண்ணையில் அவை தொலைவு செல்கின்றன. இரு பண்ணைகளின் முட்டைக்கும் எண் ஒன்றுதான். எண் 0 பெற்றதில் நெரிசல் சதுர மீட்டருக்கு ஆறாகக் குறைகிறது. ஒரு கூட்டத்தில் 3,000 கோழிகளுக்கு மேல் கூடாது.

சொல்லுக்கும் நிகழ்வுக்கும் உள்ள இடைவெளி பிரிட்டனில் ஒருமுறை வெளிப்படையாகவே தெரிந்தது. பறவைக் காய்ச்சல் காரணமாக 2021 நவம்பர் 29 முதல் கோழிகள் அனைத்தையும் உள்ளேயே அடைத்து வைக்க அரசு ஆணையிட்டது. அடைத்தபின்னும் பதினாறு வாரங்கள் வரை பழைய பெயரிலேயே விற்கலாம் என்பது அன்றைய விதி. 2022 மார்ச் 21 அன்று அக்கெடு முடிந்தது. அதே கோழிகள், அதே கொட்டகை. முதல்நாள் வரை ஃப்ரீ ரேஞ்ச், அன்று முதல் கொட்டகை முட்டை. வாங்குவோருக்கு உண்மையைச் சொன்ன நடைமுறை அது. பின்னர் 2025இன் தொடக்கத்தில் இங்கிலாந்து அந்தப் பதினாறு வார வரம்பை நீக்கிவிட்டது. இனி அடைப்பு ஆணை எத்தனை மாதம் நீடித்தாலும் பெயர் மாறாது. அங்கே ‘உலாவலாம்’ என்பதுகூட இப்போது ‘ஆணை இல்லாதபோது உலாவலாம்’ என்றாகிவிட்டது.

இந்தியாவில் வளர்ப்புமுறை எண்ணை முட்டையின்மீது அச்சிட வேண்டிய கட்டாயம் இல்லை. இயற்கை வேளாண் உணவுக்கு மட்டும் 2017ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளும் ‘ஜைவிக் பாரத்’ முத்திரையும் உள்ளன. ஆகவே என் கையிலிருந்த பெட்டியில் அச்சொல் எதை உறுதியளிக்கிறது என்பதை விற்பவர்தான் சொல்ல வேண்டும். பெட்டியின் பக்கவாட்டில் இருந்த மின்னஞ்சல் முகவரிக்கு நான்கு கேள்விகள் அனுப்பியிருக்கிறேன். கொட்டகைக்குள் சதுர மீட்டருக்கு எத்தனை கோழிகள்? ஆயிரம் கோழிகளுக்குத் திறப்பின் மொத்த அகலம் எவ்வளவு? வெளியே மரநிழல் உண்டா? சென்ற ஆண்டில் அத்திறப்புகள் எத்தனை நாட்கள் மூடியிருந்தன?

நான்காவது கேள்விக்கு ஓர் எண் விடையாக வருமானால், அந்தப் பண்ணையில் யாரோ கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று பொருள். புல்வெளிப் படத்தைவிட அந்த எண்ணையே நான் நம்புவேன்.