கைக்கு வந்த குவளை

ஒரு குவளையும் ஒரு சொக்லேட்டும் மனித மனத்தைப் பற்றி எவ்வளவு சொல்லிவிட முடியும்? உயர்தரத்தில் பொருளியல் கற்கும் எனக்கு, பாடப்புத்தகத்துக்கு வெளியே வாசித்த ஒரு பரிசோதனை இந்தக் கேள்விக்கு விடை தந்தது. ஜேக் நெட்ச் என்ற பொருளியலாளர் கனடாவின் பல்கலைக்கழக மாணவர்களிடம் அதை நடத்தி, 1989ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்.

அவர் மாணவர்களை மூன்று குழுக்களாக வைத்துக்கொண்டார். முதற் குழுவினர் ஒரு சிறிய வினாத்தாளை நிரப்ப வேண்டும். அதற்குப் பரிசாக ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பிக் குவளை கொடுக்கப்பட்டது. எழுதி முடித்ததும் ஒரு பெரிய சொக்லேட்டைக் காட்டி, “விரும்பினால் குவளையைத் தந்துவிட்டு இதை எடுத்துக்கொள்ளலாம்” என்றார்கள். இரண்டாம் குழுவுக்கு இதையே தலைகீழாகச் செய்தார்கள். முதலில் சொக்லேட்டைக் கொடுத்து, பிறகு குவளையைக் காட்டினார்கள். மூன்றாம் குழுவின் கையில் முதலில் எதுவும் கொடுக்கப்படவில்லை. இரண்டில் பிடித்ததை எடுத்துக்கொள்ளுமாறு மட்டும் சொல்லப்பட்டது.

மூன்றாம் குழுவில் நூற்றுக்கு 56 பேர் குவளையையும் 44 பேர் சொக்லேட்டையும் எடுத்தார்கள். ஏறக்குறைய பாதிக்குப் பாதி. ஆகவே முதற் குழுவிலும் நூற்றுக்கு 44 பேரளவில் குவளையைக் கொடுத்துவிட்டுச் சொக்லேட்டை வாங்கியிருக்க வேண்டும் அல்லவா? மாற்றியவர்கள் நூற்றுக்கு 11 பேர்தான். இரண்டாம் குழுவில் சொக்லேட்டைக் கொடுத்துக் குவளையை வாங்கியவர்கள் நூற்றுக்கு 10 பேர்தான். குவளை கைக்கு வந்தவர்களுக்குக் குவளை பெரிதாகிவிட்டது. சொக்லேட் கைக்கு வந்தவர்களுக்குச் சொக்லேட் பெரிதாகிவிட்டது. அந்தப் பொருள் அவர்களிடம் இருந்ததோ சில நிமிடங்கள்தான்.

நம்முடையது என்று ஆனவுடன் ஒரு பொருளின் மதிப்பு நம் மனத்தில் கூடிவிடுவதை “உடைமை விளைவு” என்று சொல்லலாம். இதற்குக் காரணம் என்ன? அந்தப் பொருளின் மீது திடீரென்று ஆசை பிறந்துவிடுகிறதா, அல்லது அதைக் கொடுப்பது வலிக்கிறதா? இந்த இரண்டையும் பிரித்தறிய இன்னொரு பரிசோதனை உதவுகிறது. நெட்ச், டானியல் கானமன், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவரும் 1990இல் அதை வெளியிட்டார்கள்.

அதில் சிலரிடம் குவளையைக் கொடுத்து, “எவ்வளவு தந்தால் இதை விற்பீர்கள்?” என்று கேட்டார்கள். வேறு சிலரிடம் குவளையைக் கொடுக்கவில்லை. “குவளை வேண்டுமா, அல்லது இவ்வளவு பணம் வேண்டுமா? இரண்டில் ஒன்று உங்களுக்குத்தான்” என்று சொல்லி, எந்தத் தொகை வந்தால் குவளையை விட்டுப் பணத்தை எடுப்பார்கள் என்று பார்த்தார்கள். நன்றாகக் கவனியுங்கள். இரு சாராரும் வீட்டுக்குக் கொண்டு போகப்போவது குவளை அல்லது பணம். தெரிவில் எந்த வேறுபாடும் இல்லை. ஆனாலும் குவளை கையில் இருந்தவர்கள் 7.12 டொலர் கேட்டார்கள். கையில் இல்லாதவர்களுக்கு 3.12 டொலரே போதுமாயிருந்தது. குவளையின் அழகு இருவருக்கும் ஒன்றுதான். முதலாமவர் அதைக் கொடுப்பதை இழப்பாகக் கண்டார். இரண்டாமவருக்கு இழக்க எதுவுமில்லை.

இழப்பின் வலி அதே அளவு இலாபத்தின் மகிழ்ச்சியைவிடப் பெரிது. இந்த இழப்பு வெறுப்பைப் பற்றிக் கானமனும் அமோஸ் ட்வேர்ஸ்கியும் 1979இலேயே எழுதியிருந்தார்கள். ஒன்றை இலாபமாகப் பார்ப்பதும் இழப்பாகப் பார்ப்பதும் நம் முடிவையே மாற்றிவிடும் என்பதற்கு அவர்கள் கேட்ட இரண்டு கேள்விகள் நல்ல சான்று. நீங்களும் விடை சொல்லிப் பாருங்கள்.

முதற் கேள்வி: உங்களுக்கு 1000 ரூபா தரப்படுகிறது. இப்போது இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். நிச்சயமாக இன்னும் 500 ரூபா பெறலாம். அல்லது நாணயத்தைச் சுண்டி, வென்றால் இன்னும் 1000 பெறலாம். தோற்றால் மேலதிகமாக எதுவுமில்லை.

இரண்டாம் கேள்வி: உங்களுக்கு 2000 ரூபா தரப்படுகிறது. அதிலிருந்து நிச்சயமாக 500 ரூபாவைத் திருப்பிக் கொடுக்கலாம். அல்லது நாணயத்தைச் சுண்டி, தோற்றால் 1000 கொடுக்க வேண்டும். வென்றால் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

முதற் கேள்விக்கு நூற்றுக்கு 84 பேர் நிச்சயமான 500ஐ எடுத்தார்கள். இரண்டாம் கேள்விக்கு நூற்றுக்கு 69 பேர் நாணயத்தைச் சுண்டினார்கள். கூட்டிக் கழித்துப் பாருங்கள். இரண்டிலும் நிச்சயமான வழியில் போனால் கையில் மிஞ்சுவது 1500. நாணயத்தைச் சுண்டினால் 2000 அல்லது 1000. கணக்கு ஒன்றுதான், முதலில் கையில் வைத்த தொகைதான் வேறு. “கொடு” என்ற சொல் வந்ததும், அந்த 500ஐ இழக்க மனமில்லாமல் 1000ஐ இழக்கும் ஆபத்தைப் பலர் ஏற்றுக்கொண்டார்கள்.

இதை வாசித்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. வாப்பா தன் பழைய மோட்டார் சைக்கிளை ஓட்டுவதை விட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது, முழங்கால் வலி. ராத்தா வீட்டில் தையல் வேலை செய்கிறா. ஓவர்லொக் மெஷின் ஒன்று இருந்தால் வந்த ஓடர்களைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை. சைக்கிளை 180,000 ரூபாவுக்குக் கேட்டு ஒருவர் இரண்டு தடவை வந்துவிட்டார். வாப்பாவோ 260,000க்குக் கீழே இறங்கவில்லை.

எனக்கு வியப்பாக இருந்தது, வாப்பா ஒரு வியாபாரி என்பதுதான். காலையிலிருந்து இரவு வரை கடையில் துணி அளந்து வெட்டிக் கொடுக்கிறவர். ஒரு சாரியை விற்றதற்காக அவர் வருந்தி நான் கண்டதில்லை. இதற்கும் அந்த ஆய்வாளர்களிடம் விடை இருந்தது. குவளைக்கு முன்னால், பிறகு பணமாக மாற்றத்தக்க வில்லைகளை வைத்து விற்று வாங்கச் சொன்னார்கள். அப்போது வியாபாரம் எதிர்பார்த்தபடியே நடந்தது. விற்பதற்கென்றே வைத்திருக்கும் பொருளைக் கொடுப்பது இழப்பாகத் தெரிவதில்லை. கடைத் துணி வாப்பாவுக்கு அந்த வில்லையைப் போன்றது. சைக்கிள் குவளையைப் போன்றது.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டேன். “வாப்பா, இந்த சைக்கிள் நம்மட வீட்டுல இல்லண்டு வைங்க. ஒருவர் வந்து, இந்த சைக்கிள் வேணுமா, இல்லாட்டி 180,000 வேணுமா, ஒண்ட எடுங்க எண்டு சொன்னா எத எடுப்பீங்க?”

வாப்பா சிரித்தார். “காசத்தான் மகள். ஓட ஏலாத சைக்கிள வெச்சி என்ன செய்ற?” கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, “ஆனா நீ பொறந்த அன்டைக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடினது அதுலதான்” என்றார்.

அந்தப் பதிலில் ஒரு உண்மை இருக்கிறது. நினைவுக்காக ஒரு பொருளை வைத்துக்கொள்வது பிழையல்ல. பரிசோதனையில் கிடைத்த குவளைக்கு எந்த நினைவும் இல்லை. அதனால்தான் அங்கே கூடிய மதிப்பைக் கைப்பட்டதன் விளைவு என்று சொல்ல முடிந்தது. வீட்டுப் பொருளில் இரண்டும் கலந்திருக்கும். அந்தக் கேள்வி இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. நினைவு போதிய அளவு பெரிதானால், கையில் இல்லாத நிலையிலும் சைக்கிளையே எடுப்போம். வாப்பா பணத்தை எடுத்தார்.

பத்து நாட்களுக்குப் பிறகு அதே மனிதருக்கு 185,000க்குக் கொடுத்தார். ராத்தாவின் மெஷின் வந்துவிட்டது. சைக்கிள் நின்ற இடத்தை வாப்பா இன்னும் சில நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். சரியான முடிவை எடுத்தாலும் இழப்பு வலிக்கத்தான் செய்கிறது.

இந்த விளைவு எல்லோரிடமும் ஒரே அளவில் இருப்பதில்லை. விளையாட்டு வீரர்களின் படம் போட்ட அட்டைகளை வாங்கி விற்பவர்களை ஜோன் லிஸ்ட் என்ற பொருளியலாளர் ஆராய்ந்தார். பழகிய வியாபாரிகளிடம் இது மிகக் குறைவாகவே காணப்பட்டது. கேள்வியை விளங்கப்படுத்தும் முறையை மாற்றினால் விலை இடைவெளி சுருங்குவதை வேறு ஆய்வாளர்களும் கண்டார்கள். ஆகவே இது மாறாத இயல்பன்று. பழக்கத்தாலும் கேட்கும் முறையாலும் குறையக்கூடியது.

கொடுக்கவா, வைத்திருக்கவா என்று தடுமாறும்போது, அந்தப் பொருளை ஒரு நிமிடம் மனத்தால் கையிலிருந்து இறக்கி, அதன் விலையையும் பக்கத்தில் வையுங்கள். பிறகு இரண்டில் ஒன்றை எடுங்கள். அந்தப் பொருளையே மீண்டும் எடுத்தீர்களானால் அது உண்மையாகவே உங்களுக்கு வேண்டியது.