எட்டாவது தட்டுக்கு இரட்டை விசில்

நான் ஓய்வு பெற்ற பிறகும் பழைய டெப்போவிலிருந்து பிள்ளைகள் வீட்டுக்கு வருகிறார்கள். யாருக்காவது பணி நிறைவு விழா என்றால், “ஐயா, ஒரு பாட்டு எழுதிக் குடுங்க” என்பார்கள். அவரோடு கடைசியாக வேலை பார்த்தவர்கள் நீங்கள்தானே, நீங்களே எழுதுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்லிக் கொடுத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

விழா மேடையில் கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டு மடல் ஒன்று கட்டாயம் இருக்கும். ‘கடமை வீரரே, பண்பின் சிகரமே’ என்று தொடங்கும். அச்சகத்தில் ஏற்கெனவே தயாராக இருக்கும் வாசகம்தான், பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றுவார்கள். அது இருக்கட்டும், மரியாதைக்கு வேண்டியதுதான். பாட்டு அப்படி இருக்கக் கூடாது. எழுதி முடித்ததும் பெயரை எடுத்துவிட்டு அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறவரின் பெயரைப் போட்டுப் பாருங்கள். பொருந்திவிட்டால் அந்தப் பாட்டு இன்னும் எழுதப்படவில்லை என்று கிழித்துப் போடுங்கள்.

திருநெல்வேலி – சங்கரன்கோவில் தடத்தில் நெடுங்காலம் போய்வந்த ஒரு கண்டக்டர் அண்ணாச்சிக்குப் பாட்டு எழுதியதைச் சொல்கிறேன். மானூர், தேவர்குளம், பனவடலிசத்திரம் என்று அந்த வழியில் ஏறி இறங்கும் முகமெல்லாம் அவருக்குத் தெரியும். அவரைப் பற்றி விசாரிக்க இரண்டு இளம் கண்டக்டர்களை அனுப்பினேன். முதல் நாள் வெறும் கையோடு வந்தார்கள். “எல்லாரும் ‘நல்ல மனுசன், தங்கமானவர்’னுதான் சொல்றாங்க ஐயா” என்றார்கள். “எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். கேள்வியை மாற்றிக் கொடுத்தேன். “அண்ணாச்சி லீவு போட்ட அன்னைக்கு வண்டியில என்ன குறைஞ்சுது?”

இந்தக் கேள்விக்கு டிரைவர் உடனே வாய் திறந்தார். பல வருஷம் ஜோடியாக ட்யூட்டி பார்த்த டிரைவரை விட்டுவிட்டு கண்டக்டருக்குப் பாட்டு எழுத முடியாது. கீரைக் கூடை கொண்டுவரும் ஒரு பாட்டிக்காக அண்ணாச்சி விசில் கொடுத்து நிறுத்துவாராம். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டும். இறங்கிப்போய் அவரே தூக்கி வைப்பார். காக்கிச் சட்டை தோளில் நனைந்திருக்கும். வேறு கண்டக்டர் வந்த நாளில் பாட்டி கூடையோடு நின்றதைக் கண்ணாடியில் பார்த்ததாக டிரைவர் சொன்னார். அண்ணாச்சியின் வீட்டில் வேறு ஒரு கதை கிடைத்தது. மகள் கல்யாணத்தில் பந்திக் கூடத்தின் வாசலில் கூட்டம் அடைத்துக்கொண்டு நிற்க, மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே இவர், “வாசல்ல நிக்காதீங்க, முன்னால போங்க, உள்ள இடம் இருக்கு” என்று குரல் கொடுத்தாராம். பாட்டுக்கு இந்த இரண்டும் போதும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மெட்டுக்கு வருகிறேன். பிள்ளைகள் செல்போனில் பழைய எம்.ஜி.ஆர். பாட்டின் இசையை மட்டும் ஓடவிட்டுப் பாடலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். பல்லவி முடிந்ததும் இசை மட்டும் நீளமாக ஓடும், அதுவரை பாடுகிறவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கேட்கிறவர்கள் மனசிலும் பழைய வரிதான் ஓடும். நம் எல்லாருக்கும் தெரிந்த கும்மி மெட்டு இருக்கிறது. ஒரு அடிக்கு ஏழு சீர், முதலில் நான்கு, பிறகு மூன்று. தாளம் எட்டு. ஏழு சீர் பாடி முடித்ததும் எட்டாவது தட்டு காலியாக நிற்கும். வீட்டுப் பெண்கள் அந்த இடத்தில் கடைசி எழுத்தை இழுத்துக் கைகொட்டுவார்கள்.

அந்தக் காலியிடம்தான் எங்களுக்குக் கைகொடுத்தது. கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கும், இரட்டை விசில் கொடுத்தால் கிளம்பும். ஒவ்வொரு அடியின் எட்டாவது தட்டிலும் கூட்டத்திலுள்ள கண்டக்டர்கள் எல்லாரும் சேர்ந்து இரட்டை விசில் அடிப்பது என்று வைத்தோம். அவர்களுக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை. உங்கள் வேலையிலும் இப்படி ஒரு சத்தம் இருக்கும். தபால் ஆபீஸ் என்றால் முத்திரை குத்தும் சத்தம், பள்ளிக்கூடம் என்றால் மணி. அதைத் தேடிப் பிடித்து எட்டாவது தட்டில் வையுங்கள்.

பந்திக் கதை இப்படி வந்தது:

பந்தி பரிமாறும் நேரத்தி லேகூட்டம்
பார்த்ததும் நம்மவர் சொன்னதென்ன?
முந்தி நகருங்க முன்னால் இடமுண்டு
மூணுபேர் உட்காரும் சீட்டிருக்கு!

பாட்டிக் கதையை இளம் கண்டக்டர்களில் ஒருவன் எழுதினான். அவன் முதல் அடி, ‘வண்டியை நிறுத்திடுவார்’ என்று முடிந்தது. கருத்தில் குறை இல்லை. கைதட்டிப் பாடியபோது அந்த இடத்தில் மட்டும் கால் இடறியது போல இருந்தது. இலக்கணம் படித்தவர்கள் அதை வெண்டளை தவறியது என்று சொல்வார்கள். ‘வண்டியை’ என்ற சீருக்குப் பின்னால் ‘நிறு’ என்று இரண்டு குறில் சேர்ந்து வரக் கூடாது, ‘நிற்’ என்பது போலத் தனியாக அழுந்தி நிற்கும் அசை வர வேண்டும். படிக்காதவர்களுக்கும் கை காட்டிக் கொடுத்துவிடும். தட்டு எங்கே தயங்குகிறதோ அங்கே சொல்லை மாற்றுங்கள். அவனே யோசித்து ‘நிற்கவைப்பார்’ என்று மாற்றினான்.

கூடை சுமந்தோடும் பாட்டியைக் கண்டாலே
கூவியே வண்டியை நிற்கவைப்பார்
ஆடை நனைந்தாலும் தானே இறங்கி
அதனையும் தூக்கிமேல் ஏற்றிவைப்பார்!

கூடை, ஆடை என்று இரண்டாம் எழுத்து ஒத்து வருவதும், கூடை, கூவியே என்று முதல் எழுத்து ஒத்து வருவதும் அலங்காரத்துக்காக மட்டும் இல்லை. மேடையில் தாளைப் பார்க்காமல் பாடுகிறவனுக்கு அடுத்த அடியை எடுத்துக் கொடுப்பவை அவை.

இனி, கேலி. இதில்தான் பாட்டுகள் கெட்டுப்போகின்றன. வேறொரு டெப்போ விழாவில் ஒரு பாட்டுக் கேட்டேன். கண்டக்டர் பாக்கிச் சில்லறை தராமல் பையை நிரப்பினார் என்று ஒரு அடி. பாடியவனுக்கு அது சும்மா விளையாட்டு. கூட்டமும் சிரித்தது. முன்வரிசையில் அவருடைய சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். கலெக்‌ஷன் பணத்தை ஒரு ரூபாய் குறையாமல் கட்டி, செக்கிங் வரும்போதெல்லாம் டிக்கெட்டையும் பணத்தையும் சரியாகக் காட்டி வேலை பார்த்த ஒருவருக்கு அது திருட்டுப் பட்டம். அவர் சிரித்த மாதிரிதான் இருந்தார். ஏற்புரையில் நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கண்டக்டரிடம் பணத்தையும், வாத்தியாரிடம் மார்க்கையும், ஸ்டோர் கீப்பரிடம் இருப்பையும் தொட்டுக் கேலி செய்யாதீர்கள். அவரவர் நேர்மை எதில் இருக்கிறதோ அது கேலிக்கு எட்டாத இடம். மெமோ வாங்கியது, பதவி உயர்வு தவறியது, கடன், குடி, உடம்பு எதுவும் வேண்டாம். ‘இனி வீட்டுக்காரம்மாவிடம் மாட்டிக்கொண்டார்’ என்று ஒரு அடி எல்லாப் பாட்டிலும் வருகிறது. அதையும் விட்டுவிடுங்கள். இத்தனை வருஷம் அதிகாலை ட்யூட்டிக்கு விடியுமுன் எழுந்து அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்த அம்மா அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

அப்படியானால் எதைக் கேலி செய்வது? டீக்கடையில் அவரே தன்னைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கும் கதையை எடுங்கள். பந்திக் கதையை அண்ணாச்சி தானே பல பேரிடம் சொல்லியிருக்கிறார். இருந்தாலும் விழாவுக்கு முன்பு டிரைவரிடம் ஒரு முறையும் அவர் வீட்டில் ஒரு முறையும் பாடிக் காட்டச் சொன்னேன். அவர்கள் முகம் ஒரு அடிக்குச் சுருங்கினால் அந்த அடி போக வேண்டும், எவ்வளவு நன்றாக அமைந்திருந்தாலும் சரி.

வயதையும் ஆண்டுகளையும் பாட்டில் கட்டிப்போடாதீர்கள். அரசு ஓய்வு வயதை 2020 மே மாதத்தில் 58-இலிருந்து 59 ஆக்கியது, அடுத்த ஆண்டே 60 ஆக்கியது. ‘ஐம்பத்தெட்டு’ என்று எதுகை போட்டு வைத்திருந்தவர்கள் பாட்டைப் பிரித்துத்தான் மறுபடி கட்ட வேண்டியிருந்தது. இன்னொன்று, மே 31 அன்று ஓய்வு பெறுகிறவர்கள் எங்கேயும் அதிகம். அந்தக் காலத்தில் ஜூனில் பள்ளியில் சேர்க்கப் போனால், ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டுமே என்று தலைமையாசிரியர் கணக்குப் பார்த்து மே மாதத்தில் ஒரு தேதியை எழுதிக்கொள்வார். அந்தத் தேதிதான் ஓய்வு வரைக்கும் கூட வருகிறது. ஒரே மேடையில் நான்கைந்து பேர் இருந்தால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பாட்டு என்று முடித்துவிடத் தோன்றும். ஆளுக்கு ஒரு கண்ணியாவது தனியாகக் கொடுங்கள்.

மொத்தம் ஐந்து கண்ணிக்கு மேல் வேண்டாம். விசிலோடு பாட அதுவே போதும். சுருதியை மேலே எடுக்காமல், பேசும் குரலுக்குப் பக்கத்திலேயே தொடங்குங்கள். கூட்டம் சேர்ந்து பாட வேண்டுமல்லவா? கேலிக் கண்ணிகள் முதலில் வரட்டும், பாட்டிக் கண்ணி கடைசியில். சிரித்து முடித்த மனசில்தான் அது சரியாக இறங்கும்.

நிகழ்ச்சி நிரலில் பாட்டுக்கு இடம், தலைவர்கள் பேச்செல்லாம் முடிந்த பிறகு, ஏற்புரைக்குச் சற்று முன்பு. அன்றைக்கு அண்ணாச்சி கையில் ஏற்புரைத் தாள் ஒன்று இருந்தது. யாரோ எழுதிக் கொடுத்தது. பாட்டு முடிந்து மைக்கிடம் வந்தவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “பாட்டுல ஒரு தப்பு இருக்கு. உக்கார சீட்டு இருக்குன்னு நான் எந்தக் காலத்துலயும் சொன்னதில்ல. நிக்க இடம் இருக்குன்னுதான் சொல்வேன். பொய் சொல்லி ஆள் ஏத்தினதில்ல” என்றார். கூட்டம் இரட்டை விசில் அடித்தது. அதற்குப் பிறகு பாட்டியைப் பற்றி, டிரைவரைப் பற்றி, அந்தத் தடத்தைப் பற்றி வெகுநேரம் பேசினார். வந்திருந்தவர்களில் பலர் அவர் அவ்வளவு பேசி அன்றுதான் கேட்டார்கள். பந்திக் கண்ணியின் கடைசி அடியை அவர் சொன்னபடி திருத்தி எழுதித்தான் மறுநாள் அவர் வீட்டில் கொடுத்தோம். ‘முட்டாமல் நின்றாலும் ஊர்வருமே’ என்று அதை முடித்துக் கொடுத்தவர் டிரைவர்.