அறிக்கையில் எழுதிய 36 பாகை

தெல்லிப்பழையில் ஒரு வீட்டுத்திட்ட வேலைத்தளத்தில் நான் தொழில்நுட்ப அலுவலராக இருந்தபோது, அங்கிருந்த கபினின் கூரைக்கு வெப்பத்தடுப்புப் போடுவித்தேன். அது பிழையாகப் போடப்பட்டது. பிழை என்று எனக்குத் தெரிந்த பிறகும் ஒரு சித்திரை வெயில் முழுவதும் வாய் திறக்காமல் இருந்தேன். முதலாவது அறியாமை. இரண்டாவதுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. இரண்டையும் இங்கே எழுதி வைக்கிறேன். இதே வேலையை இன்றைக்கும் இதே விதமாகச் செய்கிறார்கள் என்பதால் நுணுக்கங்களையும் விடாமல் சொல்கிறேன்.

1990இல் வலிகாமம் வடக்கைவிட்டு வெளியேறிய சனம், போர் முடிந்த பிறகு கட்டம் கட்டமாகத்தான் தங்கள் காணிகளுக்குத் திரும்பினார்கள். திரும்பியவர்களில் பலருக்கு முதல் வீடு தகரக் கொட்டில்தான். அதற்கு முன்னர் மல்லாகம் கோணப்புலம் போன்ற முகாம்களில் இருந்ததும் தகரத்தின் கீழேதான். எங்கள் கபினில் தங்கியிருந்த காவலாளியும் அப்படி வாழ்ந்தவர். இரவு முழுக்கச் சீமெந்துக்கும் கம்பிக்கும் காவல் இருந்துவிட்டுப் பகலில் படுப்பார். வெயில் உச்சிக்கு ஏறும் நேரந்தான் அவருடைய நித்திரை நேரம். அந்தக் கபின் யாருக்காக என்று கேட்டிருந்தால் முதல் பெயர் அவருடையதாகத்தான் இருந்திருக்கும். நான் கேட்கவில்லை.

கபின் 20 அடி நீளம், 8 அடி அகலம். இரும்புச் சட்டம், மேலே சிங்க் அலுமினியத் தகடு. உள்ளே நிமிர்ந்து நின்றால் தலைக்கும் கூரைக்கும் இடையில் ஒன்றரை அடிகூட இல்லை. அதற்குள் காற்றாடியும் வேண்டும். நாலு அங்குலக் கண்ணாடிக் கம்பளி வைக்க இடமில்லை. ரெஜிபோம் பலகையை எலி அரிக்கும். ஆகவே மெல்லியதாக ஏதாவது வேண்டுமென்று தேடி, இருபக்கமும் அலுமினியத்தாள் ஒட்டிய 5 மில்லிமீற்றர் நுரைத்தாளை வாங்கினோம். நாலு அங்குலக் கம்பளிக்குச் சமன் என்று விற்பனைத் துண்டுப்பிரசுரத்தில் இருந்தது. நான் அதை நம்பினேன்.

நம்பியிருக்கக் கூடாது. நுரையை மட்டும் கணக்கில் எடுத்தால் அதன் வெப்பத்தடை நாலு அங்குலக் கம்பளியின் தடையில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். அந்தத் தாளின் பலம் நுரையில் இல்லை, மினுக்கத்தில் இருக்கிறது. சூடான தகடு கீழே இருப்பவர்மீது வெப்பத்தைக் கதிராக வீசுகிறது. 65 பாகை செல்சியஸில் இருக்கும் துருப்பிடித்த அல்லது வண்ணம் பூசிய தகடு, 35 பாகையில் இருக்கும் அறையை நோக்கிச் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 200 வாற்று வீசும். அதே வெப்பத்தில் இருக்கும் சுத்தமான அலுமினியத்தாள் வீசுவது 10, 12 வாற்றுத்தான். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தாளின் முகத்துக்கு முன்னால் காற்று இருக்க வேண்டும். ஏதாவது ஒரு பலகை அதன்மேல் ஒட்டிக்கொண்டால் வெப்பம் கதிராகப் போக வேண்டிய தேவையே இல்லை. தொட்டுத் தொட்டுக் கடந்து போய்விடும். மினுக்கம் அங்கே ஒன்றுக்கும் உதவாது.

வேலை நடந்த விதம் இதுதான். பாஸும் உதவியாளரும் தகட்டின் அடிப்பக்கம் முழுவதும் பசை பூசித் தாளை ஒட்டினார்கள். கூரை வெள்ளியாக மினுங்கியது. தூரத்திலிருந்தே குறிபார்த்து வெப்பம் அளக்கும் செங்கீழ்க்கதிர் வெப்பமானியை மத்தியானம் அதன்மேல் பிடித்தேன். 36 பாகை காட்டியது. படம் எடுத்தேன். பிறகு, வருகிறவர்கள் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று 4 மில்லிமீற்றர் பிளைவூட்டைத் தாளோடு ஒட்ட அழுத்தி அடிப்பித்து வெள்ளை பூசுவித்தேன். சிலாகை வைக்கவா என்று பாஸ் கேட்டார். உயரம் குறைந்துவிடும், வேண்டாம் என்றேன். அறிக்கையில் "கூரையின் உட்பக்க வெப்பம் 36 பாகை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

சில நாட்களில் காவலாளி வெளியே வேப்பமரத்தின் கீழ் பாயை விரிக்கத் தொடங்கினார். ஏன் என்று கேட்டேன்.

"உள்ளுக்குப் படுக்கேலாது தம்பி. தலைமாட்டுக்கு மேல சுடுது. காத்தாடி போட்டாலும் சூடு போகேல்லை."

"மத்தியானம் எங்க போனாலும் அப்பிடித்தான் ஐயா" என்றேன்.

அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொன்னது முழு உண்மை. காற்றாடி காற்றை அசைக்கும். கூரையிலிருந்து உடம்பில் இறங்கும் கதிரைத் தடுக்காது. சுவரில் தொங்கிய வெப்பமானி வெளியில் உள்ள அளவையே காட்டிக்கொண்டிருக்க, கீழே படுத்திருப்பவர் வெந்துகொண்டிருப்பார். அவர் சொன்ன ஒரு வசனத்தில் இருந்த விளக்கம் என் அறிக்கையில் இருக்கவில்லை.

உண்மை வெளிப்பட்டது சாமான் அறையில். மிஞ்சிய தாளை அங்கேயும் கூரையில் ஒட்டியிருந்தோம், கீழே பலகை இல்லாமல். மின்வேலை செய்த பெடியன் வயரைப் பிடித்து வைக்கக் கறுப்பு இன்சுலேசன் ரேப் துண்டொன்றைத் தாளில் ஒட்டியிருந்தான். வெப்பமானியைக் கூரை நெடுகக் கொண்டுபோனபோது தாளில் 37 காட்டியது. ரேப்பில் 61. ஒரே கூரை, ஒரே இடம். மினுங்கும் பரப்பில் அந்தக் கருவி அளப்பது பரப்பின் சூட்டை அல்ல. அதில் தெறித்துத் தெரியும் நிலத்தின் சூட்டை. நான் அறிக்கையில் எழுதிய 36 எங்கள் கபினின் சீமெந்துத் தரையின் வெப்பம். கபினுக்குள் போய் வெள்ளை பூசிய பிளைவூட்டில் பிடித்துப் பார்த்தேன். 49 பாகை.

அன்றே கணக்குப் போட்டுப் பார்த்தேன். தகடு 65 பாகையிலும் அறை 35 பாகையிலும் நிற்பதாக வைத்துக்கொண்டால், ஒன்றும் ஒட்டாத வெறும் தகட்டால் அந்தக் கபினுக்குள் 2,600 வாற்றுக்கும் மேல் இறங்கும். நான் செய்த மாதிரி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒட்டினால் 1,350. வீட்டில் பாவிக்கும் அயன்பெட்டி ஒன்றை முழுச் சூட்டில் போட்டுத் தலைக்கு மேல் கட்டித் தொங்கவிட்டதற்கு அது சமன். பிளைவூட்டை ஒரு அங்குலம் மட்டும் கீழே இறக்கியிருந்தால் 500க்கும் குறைவு. அந்த ஒரு அங்குல மூடிய காற்று, மேலே மினுங்கும் முகத்தோடு சேர்ந்து, நுரையைவிட நாலு மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தடுக்கும். பாஸ் கேட்ட சிலாகையின் தடிப்பு அந்த ஒரு அங்குலந்தான்.

அதைத் தெரிந்துகொண்ட நாளில் நான் யாரிடமும் சொல்லவில்லை. அறிக்கை போய்விட்டது, படம் போய்விட்டது, பக்கத்து வேலைத்தளம் ஒன்றிலும் இதே முறையில் செய்யப்போவதாகக் கேள்விப்பட்டேன். திருத்துவதற்குப் பெரிய செலவில்லை. சிலாகையும் ஆணியும் பாஸுக்கு ஒரு நாட் கூலியும். நான் பயந்தது காசுக்கு அல்ல. நான் எழுதிய எண் பிழை என்று என் கையாலேயே எழுத வேண்டுமே என்பதற்குத்தான் பயந்தேன். யாழ்ப்பாணத்தில் சித்திரை நடுப்பகுதியில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். சுவரில் வெயில் படுவது குறைவு, கூரைதான் முழுவதையும் வாங்கும். அந்த நாட்கள் எல்லாம் அவர் வேப்பமரத்தின் கீழே நிழலோடு பாயை நகர்த்தி நகர்த்திப் படுத்ததை நான் அலுவலக மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வைகாசியில்தான் பிளைவூட்டைக் கழற்றுவித்தேன். அப்போதும் மின்வயர் மாற்ற வேண்டும் என்று சாட்டுச் சொல்லித்தான் கழற்றுவித்தேன். கழற்றியபோது இன்னொன்று தெரிந்தது. பசை விட்ட இடங்களில் தகடு துருவேறி, பிளைவூட்டில் மண்ணிறக் கறை படிந்திருந்தது. தை, மாசி இரவுகளில் தெளிந்த வானத்தின் கீழ் தகடு காற்றைவிடக் குளிர்ந்துபோகும். உள்ளே இருக்கும் ஈரக்காற்று இடைவெளிக்குள் புகுந்து அதில் நீராகப் படியும். விடியற்காலையில் ஆணி மூட்டில் ஒரு துளி நின்றால் அது மழை ஒழுக்கு அல்ல, இதுதான். ஆகவே விட்ட இடங்களை மறுபடி ஒட்டி, மூட்டுகள் எல்லாவற்றுக்கும் அலுமினிய ரேப் போட்டோம். பிறகு ஒரு அங்குலச் சிலாகை, அதன்மேல் பிளைவூட். தாளின் மினுங்கும் முகம் கீழ்நோக்கி இருந்தபடியால் தூசி அதில் தங்க வழியில்லை. மேல்நோக்கி வைத்தால் செம்பாட்டு மண் படிந்து சில மாதத்தில் மங்கிவிடும்.

தகட்டின் வெளிப்பக்கத்தில் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சும் இரண்டு கை பூசினோம். இதுவும் மிக மெல்லிய பொருள். காய்ந்த பிறகு அரை மில்லிமீற்றர் தடிப்புக்கூட வராது. தெலுங்கானா 2023இல் கூரைக் குளிர்ச்சிக்கென்றே கொண்டுவந்த கொள்கையிலும் இப்படியான பூச்சுகளுக்கு இடம் உண்டு. எங்கள் ஊரில் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. மாரி மழை கழுவிவிட்ட பிறகு தை தொடங்கிச் சித்திரை வரை செம்மண் தூசி படிந்துகொண்டே வரும். பூச்சு மிகவும் தேவைப்படும் மாதத்தில்தான் அது மிகவும் அழுக்காக இருக்கும். பங்குனியில் ஒருமுறை கூரையைக் கழுவாவிட்டால் போட்ட காசில் பாதி வீண்.

அடுத்த கிழமை மத்தியானம் பிளைவூட்டில் 40 பாகை. காவலாளி உள்ளே படுத்தார். நான் சொன்னதற்காக அல்ல. தானே போய்க் கையை உயர்த்திக் கூரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பாயைக் கொண்டுபோனார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன், ஆனால் அது பிந்தித்தான், வேலைத்தளம் மூடுகிற நேரத்தில். "பரவாயில்லை தம்பி" என்றார். அவர் பரவாயில்லை என்றதால் அது பரவாயில்லை ஆகிவிடாது.

அந்த அறிக்கையில் 36 பாகை இன்றும் திருத்தப்படாமலே இருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்து யாராவது கபினுக்கோ தகரக் கொட்டிலுக்கோ மினுக்கத்தாளை ஒட்டி அதன்மேல் நேராகப் பலகை அடித்திருந்தால், தயவுசெய்து பலகையைக் கழற்றி ஒரு அங்குலம் கீழே இறக்கி அடியுங்கள். பிறகு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, அங்கே படுப்பவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பலகையைக் கையால் தொட்டுப் பாருங்கள்.