‘நினைவிருக்கிறதா?’ என்று கேட்காதீர்கள்

முதியவர்களிடம் ஒரு கலைப்பொருளைக் காட்டிப் பேசத் தொடங்கும்போது நம் நாவில் முதலில் வருவது, ‘இது நினைவிருக்கிறதா?’ என்னும் கேள்வியே. அதற்கு ஆம், இல்லை என்னும் இரு விடைகளே உண்டு. மறதி கூடியவருக்கு ‘இல்லை’ என்று நால்வர் முன் சொல்வது வெட்கமாகிறது. ஆகவே அவர் மௌனமாகிவிடுகிறார்.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் மறதி நோயுள்ளோருக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் 2006இல் தொடங்கிய அமர்வுகளில், ஓவியங்கள் சிலவற்றையே தேர்ந்து, ஒவ்வொன்றின் முன்னும் அமர்ந்து நிதானமாகப் பேசினார்கள். முதலில் காண்பது, பின்பு விவரிப்பது, அதன் பொருளை ஊகிப்பது, இறுதியில் தம் வாழ்வோடு இணைப்பது என்பது அவ்வழியின் வரிசை. நினைவு கடைசியில்தான் வருகிறது. கண்ணுக்கு முன்னுள்ளதைச் சொல்ல எவருக்கும் நினைவாற்றல் தேவையில்லை.

நம் வில்லியனூருக்கு அருங்காட்சியகம் தேவையில்லை. புவிசார் குறியீடு பெற்ற சுடுமண் கலை இங்கேயே இருக்கிறது, அக்கலைஞர் வி.கே. முனுசாமி 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். உருவச் சிலைகளில் தயக்கமுள்ள நம் பெரியவர்களுக்காக நாம் ஒரு மண்பானையையே எடுத்துக்கொண்டோம். அஸருக்குப் பின், வெளிச்சம் பக்கவாட்டில் விழும் சமுதாயக் கூடத்தில் ஏழு பேர் வட்டமாக அமர்ந்தார்கள்.

பானை கைமாறிச் சுற்றி வரும்வரை யாரும் பேசவில்லை. பின்பு, ‘என்ன தெரிகிறது?’ என்றோம். ‘ஒரு பக்கம் கறுத்திருக்கிறது’ என்றார் ஒருவர். ‘எதனால் இருக்கும்?’ என்றதற்கு, சூளையில் புகை பட்டிருக்கும் என்று இன்னொருவர் ஊகித்தார். அதன்பின்தான், ‘இப்படிப்பட்ட பானை வீட்டில் எந்த மூலையில் இருக்கும்?’ என்று கேட்டோம். அதுவரை பேசாதிருந்த ஒரு நன்னி, புதுப்பானையில் நீர் ஊற்றி ஊற்றி மண்வாடையைப் போக்கியதையும், ஸஹரில் அந்நீரைக் குடித்ததையும் சொன்னார்கள்.

இதில் கெடுப்பது பெரும்பாலும் உடன்வந்த பிள்ளைகளே. ‘அது அப்படியில்லை, அம்மா’ என்று ஒருமுறை திருத்தினால் போதும். அடுத்த விடைக்கு முன் அவர்கள் மகளின் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையே அமர்வு தேர்வாகிவிட்டதன் அடையாளம். அவ்வேளையில் மகளைச் சற்றுத் தள்ளி அமரச் சொல்லி, மீண்டும் பானையைக் கையில் கொடுத்து, காண்பதிலிருந்தே தொடங்க வேண்டும். நிகழ்ந்த ஆண்டும் பெயரும் தவறாயிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

இது மறதிக்கு மருந்தன்று. நினைவு துயரத்தைத் திறந்துவிடவும் கூடும். பிரிந்த கணவரைப் பற்றிப் பேசத் தொடங்கிய ஒருவர் அழுதபோது, நாம் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. பானை அவர் மடியிலேயே இருந்தது. அவர் கண்ணைத் துடைத்து, அதன் கழுத்தைத் தடவி, ‘கனம் சரியாக இருக்கிறது’ என்றார்.