மேல்மாடியின் கடைமடை

மைசூருவில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் சங்கத்துக்குச் சென்ற வாரம் ஒரு கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருமாறு இங்குள்ள ஆய்வாளர் நண்பர்கள் சிலர் கேட்டனர். மாடிவீட்டில் வாடகைக்கு இருக்கும் மாணவர்கள் பலருக்கும் இதே தொல்லை என்பதால் முழுமையாகவே பதிகிறேன்.

முன்கதை சிறிது. எங்கள் கட்டடம் தரைத்தளமும் அதன்மேல் மூன்று தளங்களும் கொண்டது. நான் மூன்றாம் தளம். காலை ஆறரை முதல் எட்டரை வரை பூந்தூவாலையில் நீர் வருவதில்லை. கீழ்க்குழாயில் நூலாக ஒழுகும். நான் ஒருவனாக இருந்தவரை இரவிலேயே வாளிகளை நிரப்பிவைத்துக் காலத்தைக் கடத்தினேன். முழங்கால் அறுவைக்குப் பின் அம்மா என்னுடன் வந்து தங்கிய பிறகு அது முடியவில்லை. குனிந்து மொண்டு குளிக்க அவரால் இயலாது. நின்றபடியோ நாற்காலியில் அமர்ந்தபடியோதான் குளிக்க வேண்டும். செயலாளரிடம் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் இந்நகரம் முழுவதும் கேட்கும் அதே விடை: ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி.’ நல்ல மனிதர்தான். ஆனால் அவர் வீடு தரைத்தளத்தில்.

கடிதம்:

மதிப்புக்குரிய செயலாளர் அவர்களுக்கும் குழுவினருக்கும்,

மேல்தளத்துக்கு நீரழுத்தம் குறைவாக இருப்பது இயற்கைதானே என்று சென்ற கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கூறினார். அது பாதி உண்மை. தொட்டியிலிருந்து இறங்கும் நீருக்கு உயரமே அழுத்தம்; பத்து மீட்டர் உயரம் ஏறத்தாழ ஒரு பார். மொட்டைமாடித் தொட்டியின் அடிப்பகுதி என் வீட்டுத் தரையிலிருந்து நான்கு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூந்தூவாலை இரண்டு மீட்டருக்குச் சற்று மேலே. ஆக எனக்குக் கிடைக்கக்கூடியது இரண்டிலிருந்து மூன்று மீட்டர். தரைத்தளத்தில் இருப்போருக்கு அதனினும் ஒன்பது மீட்டர் கூடுதல். இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றி எனக்கு முறையீடு இல்லை. என் முறையீடு, கிடைக்க வேண்டிய அந்த இரண்டு மூன்று மீட்டரும் காலையில் காணாமற்போவதைப் பற்றியது.

இதை அளந்தே சொல்கிறேன். கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் ஒளி ஊடுருவும் குழாயைக் குளியலறைக் குழாயின் வாயில் இறுகச் செருகி, மறுமுனையைச் சாளரம் வழியாக மொட்டைமாடிவரை கொண்டுசென்றேன். குழாயைத் திறந்ததும் நீர் அதனுள் ஏறி எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுவே அந்நேரத்தில் என் வீட்டுக்குரிய அழுத்தம். இரவு இரண்டு மணிக்கு அது என் தரையிலிருந்து 4.7 மீட்டரில் நின்றது. தொட்டியின் நீர்மட்டமும் அதுவே. காலை ஆறே முக்காலுக்கு 1.8 மீட்டரில் நின்றது. அப்போதும் தொட்டி இரவிலிருந்த அளவிலேயே இருந்ததைக் காவலாளி என்னுடன் ஏறிவந்து பார்த்தார். பூந்தூவாலையின் வாய்க்குக் கீழே நீர் நின்றால் அதில் துளியும் வராது. பதினைந்து லிட்டர் வாளி இரவில் எழுபது நொடியில் நிரம்பியது; காலையில் மூன்றரை நிமிடம் ஆயிற்று.

குறை என் வீட்டுக் குழாய்களில் இருந்தால் இரவிலும் வாளி மெதுவாகவே நிரம்பியிருக்கும். எனவே குறை அனைவருக்கும் பொதுவான குழாயில் இருக்கிறது. எங்கள் வரிசையின் நான்கு வீடுகளுக்கும் ஒரே ஓர் அங்குலக் குழாய்தான் இறங்குகிறது. அதற்கு முன் மொட்டைமாடியில் இருபது மீட்டர் படுத்தே ஓடுகிறது. கீழ்வீடுகள் மூன்றும் சேர்ந்து நிமிடத்துக்கு முப்பது லிட்டர் எடுப்பதாக வைத்துக்கொண்டால், அந்த ஓட்டத்தின் உராய்வு மட்டும் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர் உயரத்தைத் தின்றுவிடும். இருபது மீட்டருக்கு 1.2 மீட்டர். பன்னிரண்டு மீட்டர் வைத்திருப்பவருக்கு அது பொருட்டன்று. மூன்று மீட்டர் வைத்திருப்பவருக்கு அது குளியல்.

ஆனால் இழப்பு 1.2 அன்று, 2.9 மீட்டர். வளைவுகளும் இணைப்புகளும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். எஞ்சியதற்குத் தொட்டியின் அடியிலுள்ள வால்வை ஐயுறுகிறேன். பழைய கேட் வால்வுகளில் தண்டிலிருந்து தகடு கழன்றுவிடுவதுண்டு. கைப்பிடி முழுதும் திறந்ததாகச் சுழலும், உள்ளே தகடு பாதி மூடியே கிடக்கும். இரவில் ஓட்டம் குறைவு என்பதால் அது தெரியாது.

எதிர்வீட்டார் தம் செலவில் ஒரு மோட்டார் வைத்துக்கொண்டதுபோல நானும் வைத்துக்கொள்ளலாம் என்றீர்கள். அவர்களுடைய வீடும் பக்கத்து வீடும் ஒரே வரிசை. பொதுக்குழாயிலிருந்து மோட்டார் நேராக உறிஞ்சும்போது அடுத்த வீட்டுக் குழாயில் அழுத்தம் காற்றழுத்தத்துக்கும் கீழே போகிறது. அங்கே குழாயைத் திறந்தால் நீர் வருவதில்லை, காற்றை உள்ளே இழுக்கிறது. சோப்புநீர் வாளியில் கைக்குழாய் மூழ்கிக் கிடந்தால் அந்த நீரும் பொதுக்குழாய்க்குள் ஏறும். நானும் ஒன்று வைத்தால் எங்கள் வரிசையிலும் அதுவே நிகழும்.

எனவே வேண்டுவது: முதலில் அந்த வால்வை மாற்றிப் பாருங்கள். அதன்பின் தொட்டியிலிருந்து மேல்தள வீடுகளுக்கெனத் தனியாக ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்று இறக்குங்கள். விட்டம் ஒன்றரை மடங்கானால் அதே ஓட்டத்துக்கு உராய்வு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகும்; தனிக்குழாயில் ஓட்டமும் குறைவு. தொட்டியை உயர்த்துவது பற்றியும் பேச்சு இருக்கிறது. ஒரு மீட்டர் உயர்த்தினால் ஒரு மீட்டர்தான் கிடைக்கும். பளுவைத் தூண்கள் தாங்குமா என்று பொறியாளரைக் கேட்டாக வேண்டும். அதற்கும் பிறகு போதாவிட்டால் அந்தத் தனிக்குழாயில் சங்கமே ஒரு பொது மோட்டாரை வைக்கலாம். பராமரிப்புக் கட்டணம் எல்லா வீட்டுக்கும் ஒன்றே என்பதை நினைவூட்டுகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் தளத்துக் குடியிருப்பாளர்.

கடிதம் இங்கே முடிகிறது.

எழுதும்போது அதில் சேர்க்காமல் விட்டது ஒன்று. நான் காவிரிப்படுகையின் கடைமடை ஊர்க்காரன். வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏன் வரவில்லை என்ற வழக்கைக் கேட்டே வளர்ந்தவன். மடையிலிருந்து தொலைவில் இருப்பதால் வருவதில்லை என்பதே அங்கு எல்லாரும் சொல்லும் காரணம். இங்கே தொட்டிக்கு மிக அருகில் இருப்பவன் நான். தலைமாட்டிலேயே தண்ணீர் நிற்கிறது, கடைமடை என் வீடாயிருக்கிறது. கிருஷ்ணராஜசாகரத்தின் முழுக்கொள்ளளவு மட்டம் 124.80 அடி என்பது இந்நகரத்தில் தேநீர்க்கடையில் கேட்டாலும் தெரியும். அணை நிரம்பும் மாதங்களில் செயலாளர் என்னைப் படியில் கண்டால் அன்றைய மட்டத்தைச் சொல்லாமல் போவதில்லை. மொட்டைமாடித் தொட்டியின் மட்டத்தை மட்டும் யாரும் கேட்டதில்லை.

திங்களன்று குழாய்ப் பணியாளர் வந்து வால்வைக் கழற்றினார். தகடு கழன்று ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. செயலாளர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘இது எத்தனை வருடமாக இப்படி, சார்?’ என்று என்னையே கேட்டார். புது வால்வு போட்ட மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு அளந்தேன்: 2.6 மீட்டர். பூந்தூவாலையில் நீர் வருகிறது, மெலிந்து. அம்மா அதில் குளித்துவிட்டு, தலைக்கு ஊற்றிக்கொள்ள மட்டும் ஒரு வாளி வேண்டும் என்றார்.

தனிக்குழாய் அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. வாக்கு உரிமையாளர்களுக்கு மட்டுமே. மேல்தளத்தின் நான்கு வீடுகளில் மூன்றில் வாடகைக்காரர்கள். என் வீட்டு உரிமையாளர் பெங்களூருவில் இருக்கிறார். மட்டக்குழாயின் ஒளிப்படங்களை அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.