‘அவிபக்தம்’ என்ற சொல்லும் ஒரு வீட்டின் ஆதாயமும்

திருவனந்தபுரம் வலியசாலை அக்ரகாரத்தில் ஒரு பரம்பரை வீடு 2023 டிசம்பரில் 90 லட்சம் ரூபாய்க்கு விற்கப்பட்டதாகக் கொள்வோம். விற்றவர்கள் அண்ணன், தம்பி, தங்கை என மூவர். ஆதாரத்தில் அவர்கள் ‘அவிபக்த குடும்பத்தினர்’ என எழுதப்பட்டனர். வாங்கியவர் அண்ணனின் பான் எண்ணை மட்டும் குறித்து, பிடித்தம் செய்த 90,000 ரூபாயையும் அதன் பேரிலேயே கட்டினார். அண்ணனோ தம் வருமான வரிக் கணக்கில் தம் பங்கை மட்டும் காட்டினார். பின்னர் வந்த நோட்டீஸ் இரண்டு வினாக்களை எழுப்பியது. எஞ்சிய தொகை எங்கே? குடும்பச் சொத்தென்றால் குடும்பத்தின் பெயரில் கணக்கு எங்கே?

இரண்டாம் வினாவுக்கான விடை வரிச் சட்டத்தில் தொடங்குவதில்லை. கேரளத்தின் கூட்டுக் குடும்ப ஒழிப்புச் சட்டம் 1976 டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்று மிதாக்ஷரக் குடும்பங்கள் யாவும் பாகம் பிரிந்தவையாகக் கருதப்பட்டன. வீடு இடிக்கப்படவில்லை, சுவர் எழுப்பப்படவில்லை, ஆயினும் பங்குகள் தனித்தனியாயின. (மருமக்கத்தாயக் குடும்பங்களில் இப்பங்கு தலைக்கணக்கில் அமைந்தது.) ஆதாரம் எழுதியவர் பழக்கத்தால் எழுதிய ‘அவிபக்த’ என்ற அடைமொழி, சட்டம் நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே நீக்கிவிட்ட ஒன்று.

அன்று தந்தைக்கும் இரு மகன்களுக்கும் மூன்றில் ஒரு பங்கு வீதம் சேர்ந்தது. 1994இல் தந்தை உயில் எழுதாமல் இறந்தபோது அவர் பங்கு தாய்க்கும் மூன்று மக்களுக்கும் சமமாகப் பிரிந்தது. பின்னர் உயிலின்றி இறந்த தாயின் பங்கு மூவருக்கும் சென்றது. கூட்டிப் பார்த்தால் சகோதரர் ஒவ்வொருவருக்கும் ஒன்பதில் நான்கு, தங்கைக்கு ஒன்பதில் ஒன்று.

2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பு 9 லட்சம் என்றால், 2023-24இன் குறியீட்டெண் 348இன்படி அடக்கவிலை 31.32 லட்சம். ஆதாயம் 58.68 லட்சம். சகோதரர்களுக்கு 26.08 லட்சம் வீதமும் தங்கைக்கு 6.52 லட்சமும் அவரவர் கணக்கில் வரவேண்டும். வேறு வருமானம் இல்லாத தங்கைக்கு இதனால் ஒரு நன்மை உண்டு: அடிப்படை விலக்கு வரம்பு அவருடைய ஆதாயத்திலேயே கழியும். குடும்பத்தின் பேரில் ஒரே கணக்காகக் காட்டினால் அது கிடைக்காது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இக்குடும்பம் முன்பு எப்போதாவது கூட்டுக் குடும்பமாக வரி மதிப்பீடு செய்யப்பட்டிருந்தால், வருமான வரிச் சட்டத்தின் 171ஆம் பிரிவைத் துறை எடுத்துக்காட்டும்: பாகப்பிரிவினையை அதிகாரி பதிவுசெய்து ஆணையிடும் வரை குடும்பம் பிரியாததாகவே கொள்ளப்படும். வாடகையைக் காட்டுவதற்கென யாரேனும் குடும்பப் பெயரில் பான் வாங்கியிருந்தால் வழக்கு நீளும். அப்படி எதுவும் இல்லையெனில் 171க்கு இங்கு வேலையில்லை. ஆகவே பழைய கோப்புகளைத் தேடுவதே முதல் வேலை.

முதல் வினாவுக்கு ஆதாரத்தின் நகல், வாரிசுச் சான்று, மூவர் வங்கிக் கணக்கிலும் பணம் சேர்ந்த பதிவு, மற்ற இருவரின் வருமான வரிக் கணக்கு ஆகியவை போதும். தங்கை கணக்கே தாக்கல் செய்யாதிருந்தால் அண்ணனின் பதில் நொண்டும். வாங்கியவர் மூவருக்கும் தனித்தனியே 26QB தாக்கல் செய்திருந்தால் இவ்வளவு தொல்லை எழுந்திராது.

2025 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர், 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3, 4ஆம் பிரிவுகள் மத்திய அரசின் 2005 வாரிசுரிமைத் திருத்தத்துக்கு முரணானவை என்றார். 2004 டிசம்பர் 20க்குப் பின் இறந்த தந்தையின் மகளுக்குப் பரம்பரைச் சொத்தில் சம பங்கு உண்டு என்றும் தீர்ப்பளித்தார். இந்த வீட்டின் தந்தை 1994இலேயே இறந்துவிட்டதால் தங்கையின் பங்கு ஒன்பதில் ஒன்றாகவே நிற்கிறது.